வைஃபை கிடைத்தும் லாகின் பக்கம் வரவில்லையா?

விடுதி அறையில் போனை வைஃபையில் சேர்த்தாகிவிட்டது. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. அறை எண், மொபைல் எண் கேட்கும் அந்தப் பக்கம் வந்துவிட்டால் பதிவு செய்துவிடலாம். அதுதான் வருவதில்லை. வாட்ஸ்அப் சுற்றுகிறது, யூடியூப் சுற்றுகிறது. வரவேற்பில் கேட்டால், "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார், வந்துடும்" என்கிறார்கள். சில நேரம் வந்தும்விடுகிறது. வராவிட்டால் அவர்களுக்கும் அதற்குமேல் சொல்லத் தெரிவதில்லை.

அந்தப் பக்கத்தை விடுதிதான் நம் போனுக்கு அனுப்பிவைக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. அதைத் தேடிப் பிடித்துத் திறப்பது நம் போன். வைஃபையில் சேர்ந்ததும் விடுதியின் ரூட்டர் போனுக்கு ஒரு முகவரி கொடுக்கிறது. உடனே போன், நம்மிடம் சொல்லாமலேயே, ஒரு சிறு சோதனை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் connectivitycheck.gstatic.com என்ற முகவரியைத் தொட்டுப் பார்க்கும். அங்கிருந்து 204 என்ற எண்ணோடு காலியான பதில் வர வேண்டும். ஐபோன் captive.apple.com-ஐத் தொடும், அங்கே "Success" என்ற ஒரே சொல் இருக்க வேண்டும். விண்டோஸ் மடிக்கணினி www.msftconnecttest.com-இல் "Microsoft Connect Test" என்ற வரியை எதிர்பார்க்கும். எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று முடிவு. வேறு ஏதாவது வந்தால், நடுவில் யாரோ மறித்துப் பதில் சொல்கிறார்கள் என்று போன் புரிந்துகொண்டு, அந்த மறித்த பக்கத்தை நமக்குத் திறந்து காட்டும். அதுதான் லாகின் பக்கம்.

மறிப்பது விடுதியின் ரூட்டரோ அதன் பின்னால் இருக்கும் கேட்வேயோ. பதிவு செய்யாத போனிலிருந்து எந்தத் தளத்துக்குக் கோரிக்கை போனாலும், அந்தத் தளத்தின் இடத்தில் தானே நின்று, "நீ முதலில் இந்தப் பக்கத்துக்குப் போ" என்று திருப்பிவிடும். இந்தத் தந்திரம் http என்று தொடங்கும் பழைய, பூட்டில்லாத முகவரிகளில் மட்டும் பலிக்கும். https முகவரி என்றால் எதிரே இருப்பது உண்மையிலேயே அந்தத் தளம்தானா என்பதற்கு பிரௌசர் சான்றிதழ் கேட்கும். விடுதியின் ரூட்டரிடம் கூகுளின் சான்றிதழ் எப்படி இருக்கும்? பிரௌசர் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும், அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும்.

பக்கம் வரவில்லையே என்று நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? google.com அடித்துப் பார்க்கிறோம், ஜிமெயிலைத் திறக்கிறோம். இவை எல்லாமே https தளங்கள். பத்து முறை அடித்தாலும் லாகின் பக்கம் வராது. ரூட்டர் மறிக்கக்கூடிய ஒரு கோரிக்கையை நாமே வேண்டுமென்று அனுப்பியாக வேண்டும். அதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது:

```
http://neverssl.com
```

எப்போதும் பூட்டில்லாமலேயே இயங்குவது என்பதுதான் இதன் வேலை. முன்னால் இருக்கும் http:// என்பதையும் சேர்த்து அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் இன்றைய பிரௌசர்கள் பல தாங்களாகவே https-ஐ முயன்று பார்க்கும். எப்போதும் பாதுகாப்பான இணைப்பு மட்டுமே வேண்டும் என்ற அமைப்பை பிரௌசரில் போட்டு வைத்திருப்பவர்கள் அதைச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். இந்தப் பெயர் மறந்துபோனால் http://captive.apple.com என்று அடிக்கலாம். ஆண்ட்ராய்டு போனிலும் அது திறக்கும்.

இதைச் செய்வதற்கு முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால், பிரௌசர் கேட்பதையெல்லாம் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டா வழியாக அனுப்பிவிடும். அப்போது neverssl பக்கம் அழகாகத் திறக்கும். லாகின் பக்கம் மட்டும் வராது. கோரிக்கை விடுதி ரூட்டரின் பக்கமே போகவில்லை, அது எதை மறிக்கும்? டேட்டாவை அணைத்தாலும் ஓடிபி குறுஞ்செய்தி வரும், அதனால் கவலை இல்லை.

பெரும்பாலான விடுதிகளில் கதை இதோடு முடிந்துவிடும். முடியாதபோது காரணம் பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை. கோயம்புத்தூரில் பெண்கள் விடுதி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த என் அண்ணன் மகளுக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும்.

"சித்தப்பா, ரூம்ல மத்தவங்க எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் அந்தப் பேஜே வரல" என்று போனில் சொன்னாள். டேட்டாவை அணைத்து neverssl அடிக்கச் சொன்னேன். பக்கம் திறக்கவில்லை, கீழே சிறிய எழுத்தில் ERR_NAME_NOT_RESOLVED என்று இருப்பதாகப் படித்தாள். பெயருக்கு எண் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். அடுத்து, வைஃபையின் பெயரைத் தொட்டால் வரும் விவரங்களில் ஐபி முகவரி என்ன என்று பார்க்கச் சொன்னேன். 10 என்று தொடங்கும் எண் ஒன்று இருந்தது. ஆக ரூட்டர் அவளுக்கு முகவரி கொடுத்திருக்கிறது, இணைப்பில் குறை இல்லை. அதே இடத்தில் இன்னொரு வரியும் இருந்தது: Private DNS server cannot be accessed.

"ப்ரைவேட் டிஎன்எஸ்னு ஏதாவது மாத்தி வச்சிருக்கியாம்மா?"

"விளம்பரம் வராம இருக்கறதுக்கு ஃப்ரெண்ட் ஒருத்தி போட்டுக் குடுத்தா சித்தப்பா."

விளம்பரத்தைத் தடுக்க dns.adguard-dns.com என்ற பெயரை அங்கே எழுதி வைத்திருந்தாள். அந்த அமைப்பில் போன் எல்லாப் பெயர்களையும் அந்த ஒரு சேவையிடம் மட்டும்தான், அதுவும் பூட்டிய வழியில்தான் கேட்கும். பதிவு செய்யாத போனுக்கு விடுதியின் ரூட்டர் அந்த வழியைத் திறப்பதில்லை. பதிவு செய்ய லாகின் பக்கம் வேண்டும்; பிரௌசரில் அந்தப் பக்கத்தை வரவழைக்கப் பெயருக்கு எண் வேண்டும்; எண் வாங்கப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: நெட்வொர்க்கில் உள்நுழையச் சொல்லி வரும் அறிவிப்பைத் தொட்டுத் திறக்கும் பக்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவளோ அந்த அறிவிப்பை வந்த வேகத்தில் தள்ளிவிட்டிருந்தாள். அதன் பிறகு பிரௌசரில் முயன்றதெல்லாம் அந்த விலக்கு இல்லாமல் நின்றுபோனது.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ரைவேட் டிஎன்எஸ் என்று தேடி (சாம்சங் போனில் கனெக்‌ஷன்ஸ் பகுதியின் அடியில் கூடுதல் அமைப்புகளுக்குள் இருக்கும்), ஆட்டோமேட்டிக் என்று மாற்றச் சொன்னேன். முழுக்க அணைக்கத் தேவையில்லை. ஆட்டோமேட்டிக்கில், பூட்டிய வழி கிடைக்காவிட்டால் போன் சாதாரண வழியில் கேட்டுக்கொள்ளும். பிறகு வைஃபையை அணைத்துப் போட்டாள். சோதனை மறுபடி நடந்தது, பக்கம் வந்தது, மொபைல் எண்ணும் ஓடிபியும் கொடுத்தாள். பதிவு முடிந்தபின் பழைய அமைப்பைத் திரும்பப் போட்டாள். பல இடங்களில் அதன் பிறகு அதுவும் வேலை செய்யும். அந்த விடுதியிலும் செய்தது.

மடிக்கணினியில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வேகத்துக்காக யாராவது டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று நிரந்தரமாக எழுதி வைத்திருப்பார்கள். லாகின் பக்கத்தின் பெயர் விடுதிக்கு உள்ளே இருக்கும் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கலாம்; கூகுளின் சேவையிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. வைஃபை அமைப்பில் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றுவதுதான் வழி. எப்போதும் ஓடும் விபிஎன் இருந்தால் அதையும் பதிவு முடியும்வரை நிறுத்த வேண்டும். எல்லாக் கோரிக்கையையும் அது ஒரு பூட்டிய குழாய்க்குள் போட்டுவிடுவதால் ரூட்டருக்கு மறிக்க எதுவும் கிடைக்காது.

பெயரைத் தேடும் வேலையையே தவிர்க்கும் குறுக்குவழியும் உண்டு. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

அதில் Default Gateway என்ற வரியில் இருக்கும் எண்ணை, முன்னால் http:// சேர்த்து பிரௌசரில் அடித்தால், பல விடுதிகளில் லாகின் பக்கம் நேராக வந்துவிடும். எண்ணுக்கு டிஎன்எஸ் தேவையில்லை அல்லவா? ரூட்டரின் நிர்வாகப் பக்கம் வந்து கடவுச்சொல் கேட்டால் மட்டும் மூடிவிடுங்கள், அது நமக்கானது இல்லை.

ஐபோனில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள i குறியைத் தொட்டால் ஆட்டோ-லாகின் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் பக்கம் தானாக எழாது. அதுவும் சரியாக இருந்தால், அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்து மீண்டும் சேர்ந்தால் சோதனை புதிதாக நடக்கும்.

நேற்றுப் பதிவு செய்தும் இன்று மறுபடி கேட்கிறது, அல்லது உங்கள் அறைக்கான சாதன எண்ணிக்கை முடிந்துவிட்டது என்கிறது என்றால் காரணம் வேறு. விடுதி நம் போனை அடையாளம் வைப்பது அதன் மேக் முகவரியைக் கொண்டு. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் தொடங்கி, போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. அது மாறினால் விடுதிக்கு நீங்கள் புது ஆள். நீண்ட நாள் தங்குகிறவர்கள் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் முகவரி மாறாதபடி அமைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தை வரவழைக்கும் அவசரத்தில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வங்கித் தளத்தையோ மின்னஞ்சலையோ திறந்து, சான்றிதழ் சரியில்லை என்று பிரௌசர் எச்சரிக்கும்போது, 'பரவாயில்லை, தொடரலாம்' என்று அழுத்தாதீர்கள். விடுதி அறை எண் கேட்கலாம், மொபைல் எண் கேட்கலாம். உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை எந்த விடுதியும் கேட்க வேண்டியதில்லை. கேட்டால், அது விடுதியின் பெயரில் வேறு யாரோ வைத்திருக்கும் வைஃபையாக இருக்கக்கூடும். சரியான பெயரை வரவேற்பில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாம் எதைச் செய்தும் பக்கம் வராத நிலை ஒன்று உண்டு. ஐபி முகவரி இடத்தில் எதுவும் இல்லை, அல்லது மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கும் எண் இருக்கிறது. ரூட்டர் முகவரியே கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்பதுதான் இதன் பொருள். திருமண நாட்களில், மாநாட்டு நாட்களில், அறைகள் நிறைந்து கொடுக்க முகவரிகள் தீர்ந்துபோனால் இப்படி ஆகும். வரவேற்பில் "வைஃபை வரல" என்று சொன்னால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். "ஐபி அட்ரஸ் கிடைக்கல, உங்க நெட்வொர்க் ஆள்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லுங்கள். முகவரி கிடைத்தும் பக்கம் வரவில்லை என்றால், போனின் மேக் முகவரியை எழுதிக் கொடுத்து அவர்கள் பக்கத்திலிருந்தே அனுமதிக்கச் சொல்லலாம். கேட்வேயைக் கையாளத் தெரிந்த ஆள் இருந்தால் சில நிமிட வேலை.