முளைக்கட்டிய பயறு: ஆவி காட்டிச் சாப்பிடுங்க

நம்ம சந்தையிலும் கூட்டங்களிலும் காலை உணவுன்னாலே முளைக்கட்டிய பயறு, தேங்காய்ப்பூ, ஒரு துண்டு வெல்லம் என்றாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் "சமைச்சா உயிர் போயிடும், பச்சையாத்தான் சாப்பிடணும்"னு சொல்லும்போது மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏன் என்பதை, நம்மைப் போன்ற ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

2011 மே மாதம் ஜெர்மனியின் வட பகுதியில் ரத்தக் கழிச்சலோடு மக்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கடைசியில் கணக்கெடுத்தபோது பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3,800 பேர். 800 பேருக்கு மேல் சிறுநீரகப் பாதிப்பு. 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சிறுநீரகம் கெட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். கிழடு தட்டியவர்கள் இல்லை, நல்ல ஆரோக்கியமாக இருந்த நடுத்தர வயதுக்காரர்கள்.

காரணம் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நச்சு வகை ஒன்று. எந்த உணவில் வந்தது என்பதுதான் தெரியவில்லை. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள். வாங்க ஆளில்லாமல் வெள்ளரியும் தக்காளியும் குப்பைக்குப் போயின. பிறகு வெள்ளரி காரணமில்லை என்று தெரிந்து, ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது.

உண்மையைப் பிடித்த விதம் சுவையானது. "முளைப்பயறு சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டபோது நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு நினைவே இல்லை. சாலட் மேல் அலங்காரமாகத் தூவியதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அதனால் லூபெக் நகரில் ஓர் உணவகத்துக்குப் போய்ச் சமையல்காரரிடமே கேட்டார்கள், எந்தத் தட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று. அங்கே சாப்பிட்டு நோய்ப்பட்ட அத்தனை பேர் தட்டிலும் முளை இருந்தது. அந்த முளை வந்த இடம் லோயர் சாக்சனி மாநிலத்தில் பீனன்பியூட்டல் என்ற ஊரின் ஓர் இயற்கை விவசாயப் பண்ணை.

பண்ணைதான் அசுத்தமாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே எடுத்த மாதிரிகளில் கிருமி சிக்கவில்லை. அதே ஜூன் மாதம் பிரான்சில் போர்தோ நகரை ஒட்டிய ஒரு குழந்தைகள் மையத்தின் விழாவில், குளிர்ந்த சூப் மேல் தூவிய முளையைச் சாப்பிட்டவர்களுக்கு அதே கிருமி வந்தது. அந்த முளையை ஜெர்மனியிலிருந்து வாங்கவில்லை. பாக்கெட் விதை வாங்கி மையத்திலேயே முளைக்கவைத்தார்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: எகிப்திலிருந்து 2009-ல் வந்திறங்கிய வெந்தய விதை.

ஆக, கிருமி வந்தது தண்ணீரிலோ கையிலோ இல்லை, விதையில். நாம் வீட்டில் எவ்வளவு சுத்தமாக முளைக்கவைத்தாலும், விதைக்குள் உட்கார்ந்து வந்ததை நம் சுத்தம் தடுக்காது.

விதைக்குள் எப்படி வருகிறது?

செடி நிற்கும்போதும், அறுத்துக் களத்தில் போடும்போதும், மூட்டையில் கிடக்கும்போதும் மாடு, ஆடு, எலி, பறவை, மனிதர் என்று யாருடைய கழிவு பட்டாலும் போதும். நச்சு ஈ.கோலையில் பல வகைகளுக்கு மாட்டின் குடல்தான் வீடு. மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, அதனால் மாட்டைப் பார்த்து நமக்குத் தெரியாது. நம்ம களம் சாணம் மெழுகிய களம், பயிருக்குக் கொடுப்பது ஜீவாமிர்தம். மண்ணுக்கு அது அமிர்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் பச்சைச் சாணம் தொட்ட விதை பச்சையாக வாய்க்குப் போகலாமா என்பது வேறு கேள்வி. வேகவைத்துச் சாப்பிடும் பயறுக்கு இந்தக் கேள்வியே எழாது. கொதிக்கிற பானை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

விதைத்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. பாக்டீரியா அதற்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். காய்ந்த விதையில் அது பெருகாது, ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். நாம் ஊறவைத்ததும் அதற்கும் விடிகிறது. ஈரம், கதகதப்பு, விதையிலிருந்து கசியும் சர்க்கரையும் புரதமும். பயறு முளைக்க எது வேண்டுமோ அதுவேதான் கிருமிக்கும் வேண்டும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் கூட்டு வட்டிக் கணக்கில் சொல்கிறேன். ஒரே ஒரு பாக்டீரியா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சூழலில் இதைவிட வேகமாகவே பெருகும். 10 மணி நேரத்தில் ஆயிரம் தாண்டும். 20 மணி நேரத்தில் பத்து லட்சம். நாம் துணியில் கட்டி வைப்பதே ஒரு ராத்திரி, ஒரு பகல். மற்ற காய்கறியில் கிருமி ஒட்டினால் ஒட்டின அளவோடு நிற்கும், முளையில் மட்டும் வட்டி போட்டு வளரும். தக்காளிக்கும் முளைப்பயறுக்கும் இதுதான் வித்தியாசம்.

கழுவினால் போகாதா?

போகாது. மேலே இருப்பது கொஞ்சம் போகும், வெடிப்பில் இருப்பது போகாது. உப்புத் தண்ணீர், மஞ்சள், எலுமிச்சை, வினிகர் எல்லாம் குறைக்கலாமே தவிர ஒழிக்காது. மேலைநாட்டு முளைப் பண்ணைகளில் கடுமையான குளோரின் கரைசலில் விதையை ஊறவைத்தும் முழுசாக ஒழிக்க முடியவில்லை. நமக்கு அந்த வழியும் வேண்டாம்.

பார்த்தும் முகர்ந்தும் கண்டுபிடிக்கவும் முடியாது. புளிச்ச வாடை, பிசுபிசுப்பு வந்தால் அது கெட்டுப்போன முளை, வேறு கிருமிகளின் வேலை. ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் இருக்கிற முளை வெள்ளை வால் விட்டு அழகாகவே இருக்கும். ஆய்வகச் சோதனையும் முழு உத்தரவாதம் ஆகாது. ஜெர்மனியில் அந்த வெந்தய விதைகளைச் சோதித்தபோது கிருமி கையில் சிக்கவில்லை. டன் கணக்கான விதையில் எங்கோ சில விதைகளில் இருப்பதை ஒரு கைப்பிடி மாதிரியில் எப்படிப் பிடிப்பது?

ஆவி காட்டும் முறை

வழி சுலபம்: சூடு. முளையின் நடுப்பகுதி வரை 70 டிகிரி சூடு ஏறி 2 நிமிடம் நின்றால் இந்தக் கிருமிகள் செத்துவிடும். இட்லிப் பானை போதும்.

100 கிராம் பச்சைப்பயறை எடுத்துக் கல், உடைசல், பூச்சி அரித்ததை நீக்கிக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் 8 மணி நேரம் ஊறட்டும். தண்ணீரை வடித்து, கொதிநீரில் அலசிய துணியில் கட்டி வையுங்கள். கால் அங்குலம் வால் விட்டதும் போதும், நீளமாக வளரவிட வேண்டாம். உடனே சமைக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள்.

பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, இட்லித் தட்டில் முளையை ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி மூடுங்கள். ஆவி நன்றாக வெளியே வரத் தொடங்கியதிலிருந்து 5 நிமிடம். திறந்ததும் நடுவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். கடித்தால் பச்சை வாடை போயிருக்கும், ஆனால் மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும். ஆறியதும் தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேருங்கள்.

வழக்கமாகத் தப்பு நடக்கும் இடம் மூன்று. முளையைக் குவியலாகப் போட்டால் ஓரம் வேகும், நடு வேகாது. சுடுதண்ணீரை மேலே ஊற்றி வடித்தால் அந்தச் சூடு போதாது. மூன்றாவது, வெந்த முளையைப் பச்சை முளை இருந்த அதே பாத்திரத்தில் கொட்டுவது. ராஜ்மாவுக்கு மட்டும் இந்த ஐந்து நிமிடக் கணக்கு பொருந்தாது. அதில் வேறு ஒரு நச்சு இருக்கிறது, முளைக்கவைத்தாலும் நன்றாகக் கொதிக்கவைத்துக் குழைய வேகவைக்க வேண்டும்.

சத்து போய்விடுமா?

கொஞ்சம் போகும், பெரும்பகுதி நிற்கும். 100 கிராம் பச்சை முளைப்பயறில் வைட்டமின் சி சுமார் 13 மில்லிகிராம். தண்ணீரில் வேகவைத்து வடித்தால் சுமார் 11. ஃபோலிக் அமிலம்தான் வேகவைத்து வடித்தால் ஏறக்குறைய பாதியாகும். அதில் ஒரு பங்கு வடிக்கிற தண்ணீரோடு போகிறது. அதனால்தான் அவிக்கச் சொல்லாமல் ஆவி காட்டச் சொல்கிறேன். நார்ச்சத்து, இரும்பு, துத்தநாகம் அப்படியே இருக்கும்.

முளைக்கவைப்பதன் பெரிய லாபம் எதில்? இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைவது, வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் குறைவது. இந்த மாற்றம் முளைக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது, ஆவி அதைத் திருப்பிப் போடாது. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்களைச் சூடு அழிக்கிறது, ஆக புரதம் இன்னும் நன்றாகச் சேரும். "உயிருள்ள நொதி அழிஞ்சிடுமே"ன்னு கேட்பவர்களுக்கு: நொதியும் ஒரு புரதம்தான். வயிற்று அமிலத்தில் மற்ற புரதம் போலவே அதுவும் சிதைந்துவிடும்.

யாருக்கு நாம் முளைப்பயறை அதிகம் சிபாரிசு செய்கிறோம் என்று யோசியுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், என்னைப் போல அறுபது தாண்டியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். பச்சை முளை ஆபத்து அதிகம் உள்ளதும் இவர்களுக்கேதான். சாப்பிட்டு சில நாள் கழித்து ரத்தத்தோடு கழிச்சல், சிறுநீர் குறைதல் என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் நோய் தெரியவே சராசரியாக ஒரு வாரம் ஆனது. போன வாரம் சாப்பிட்ட முளைமேல் யாருக்கும் சந்தேகம் வராது, மருத்துவரிடம் நாமேதான் சொல்ல வேண்டும்.

விதை விற்கும் நம் நண்பர்களுக்கு ஒன்று. பீஜாமிர்தத்தில் நேர்த்தி செய்த விதை, செம்மண் கட்டிய விதை எல்லாம் நிலத்துக்கு மட்டும். பொட்டலத்தில் "விதைப்புக்கு மட்டும்"னு எழுதுங்கள். முளைக்கட்டச் சாப்பாட்டுப் பயறு கேட்பவருக்கு, மாடு ஏறாத களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, எலி நுழையாத பாத்திரத்தில் வைத்ததைத் தனியாகக் கொடுங்கள். கொடுக்கும்போதே ஆவி காட்டிச் சாப்பிடவும் சொல்லிவிடுங்கள். நம்மிடம் வாங்கிச் சாப்பிட்டவர் படுத்துக்கொண்டால், ஸ்பெயின் வெள்ளரிக்காரர் போல ஒன்றும் அறியாத பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து அடிபடுவார்.