மருதாணிக்கு ஓர் இரவு, அவுரிக்குக் கால் மணி நேரம்

நரைக்கு மருதாணி மட்டும் போட்டவர்களை வெயிலில் பார்த்தால் தெரிந்துவிடும். கருப்பு முடி கருப்பாகவே இருக்கும், நரைத்த இடமெல்லாம் செம்பட்டையாக மின்னும். மருதாணி இலையில் லாசோன் என்ற ஒரே ஒரு சாயம்தான் இருக்கிறது. அதன் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. டீ டிகாஷன் ஊற்றினாலும், முட்டை உடைத்து விட்டாலும், இரும்புச் சட்டியில் ஊறவைத்தாலும் சிவப்பு கொஞ்சம் ஆழமாகுமே தவிர, வெள்ளை முடி கருப்பாகாது. பழுப்போ கருப்போ வேண்டுமென்றால் அந்தச் சிவப்பின்மேல் நீலம் ஏற வேண்டும். அந்த நீலத்தைத் தருவது அவுரி.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் பயிராகும் செடிதான் இது. கடையில் கேட்கும்போது ‘அவுரி இலைப் பொடி’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். துணிக்குச் சாயமேற்றும் நீலக்கட்டியைப் பொடித்துத் தலையில் பூசினால் ஒன்றும் ஒட்டாது. காரணம் தெரிந்துகொண்டால் மற்றப் பக்குவமெல்லாம் தானாகவே விளங்கும்.

அவுரி இலைக்குள் நீலம் இருப்பதில்லை, நீலமாக மாறக்கூடிய நிறமற்ற ஒரு பொருள்தான் இருக்கிறது. பொடியில் தண்ணீர் பட்டதும் இலையிலுள்ள நொதி வேலையைத் தொடங்கி அந்தப் பொருளை உடைக்கிறது. உடைந்து வருவது மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் முடிக்குள் நுழைந்துவிடும். பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, இரண்டு இரண்டாக இணைந்து, நீரில் கரையாத நீலமாகிறது. முடிக்குள் போனபின் நீலமானால் அங்கேயே தங்கும். கிண்ணத்திலேயே நீலமாகிவிட்டால் அது உள்ளே போகாது, அலசும்போது தண்ணீரோடு போய்விடும். நீலக்கட்டி பயன்படாததற்கும், அவுரியை முந்தின இரவே கரைத்து வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மருதாணியின் குணம் நேர்மாறானது. இலைத்தூளிலிருந்து லாசோன் மெதுவாகத்தான் வெளியே வரும், கொஞ்சம் புளிப்பு இருந்தால் அது சீக்கிரம் கெடாமல் நிற்கும். அதனால்தான் எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைக்கிறோம். அதே எலுமிச்சையோ தயிரோ அவுரியில் சேர்ந்தால் நொதியின் வேலை கெடும். வீட்டில் நடக்கும் தவறுகளில் பாதி, இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால் வருவதுதான்.

தோள்வரை முடி, வகிட்டிலும் காதோரத்திலும் பாதிக்குமேல் நரை, கருப்புக்கு நெருக்கமான நிறம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மருதாணி 100 கிராம், அவுரி 100 கிராம் போதும். இரவில் மருதாணிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரும் அரை எலுமிச்சைச் சாறும் விட்டு இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் மூடிவைக்கலாம். சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரமே போதும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சு பிடித்திருந்தால் கலவை தயார்.

காலையில் ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் குளித்து, துவட்டிய ஈர முடியில் பூச வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த பழக்கத்தில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, வேரில் தாராளமாக வைத்து, பிளாஸ்டிக் உறையால் மூடி, இரண்டு மூன்று மணி நேரம் விடலாம். பிறகு வெறும் தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். கண்ணாடியில் நரை செம்புக் கம்பி போலத் தெரியும். பதற வேண்டாம், இது பாதி வழிதான்.

முடியைத் துவட்டிவிட்டு அவுரியைக் கரையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, வேறெதுவும் வேண்டாம். மூடிவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கீரை வாசனை வரும், பச்சைக் குழம்பின் மேற்பரப்பில் நீலம் கோடிடத் தொடங்கும். அந்த நிமிடத்திலேயே பூச ஆரம்பித்து, அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நகம் நீலமாகும். நரை பிடிவாதமாக இருக்கும் காதோரத்தில் முதலில் வைப்பது நல்லது. காய்ந்தால் சாயம் ஏறாது என்பதால் தலையை இறுக மூடி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வைத்து அலசுங்கள்.

அலசியதும் பச்சை சாயலாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். காற்று பட்டு ஓரிரண்டு நாளில் அது கருத்துவிடும். அதுவரை ஷாம்பூ கூடாது. அடர்பழுப்பு போதும் என்றால் இரண்டாம் கட்டத்தை இருபது முப்பது நிமிடத்தில் நிறுத்தலாம்.

ஒரே தடவையில் பழுப்பு வேண்டுபவர்கள் எலுமிச்சை இல்லாமல் ஊறவைத்த மருதாணியுடன், அப்போதுதான் கரைத்த அவுரியைப் பூசும் நேரத்தில் கலக்கலாம். சம அளவுக்கு நடுத்தரப் பழுப்பு வரும், மருதாணி ஒரு பங்கு, அவுரி இரண்டு பங்கு என்றால் அடர்பழுப்பு. நரை அதிகமுள்ளவர்களுக்கு இது கொஞ்சம் சிவப்பாகத்தான் நிற்கும். கருப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இரண்டு கட்ட முறையையே நான் சொல்வேன். நேரம் மிச்சமாகும் என்று மருதாணியை விட்டுவிட்டு நரைமேல் அவுரியை மட்டும் பூசினால் நீலமும் பச்சையுமாக நிற்கும்.

சில வாரத்தில் செம்பட்டை மறுபடி எட்டிப் பார்த்தால், மங்கியது நீலம்தான். மருதாணி நகராது, அவுரி மெல்லக் கழன்றுவிடும். ஆகவே அவுரியை மட்டும் மறுபடி போட்டால் போதும். புதிதாக வளர்ந்த வேருக்கு மட்டும் இரண்டையும் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நுனிவரை மருதாணி பூசினால் நிறம் படிந்து படிந்து நுனி கனத்துப்போகும். அவுரி ஏறிய முடியை அழகு நிலையத்தில் பிளீச் செய்யப் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடி பச்சையாகிவிட வாய்ப்புண்டு.

பாக்கெட்டில் ‘கருப்பு மருதாணி’ என்று எழுதி, அரை மணி நேரத்தில் கருக்கும் என்று விற்பவற்றில் எச்சரிக்கை வேண்டும். அவற்றில் பலவற்றில் பிபிடி எனப்படும் பாரா ஃபினைலின் டையமின் கலந்திருக்கும். கடுமையான ஒவ்வாமைக்கும் தோல் கொப்புளத்துக்கும் பேர்போன வேதிப்பொருள் அது. நல்ல மருதாணியும் நல்ல அவுரியும் பச்சைப் பொடிகள்தான், இலையைத் தவிர வேறெதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு மருதாணி சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

முதல் முறை தலையில் பூசும் முன், சீப்பில் உதிர்ந்த நரைமுடிகளைச் சேர்த்து நூலால் கட்டி, அதில் இரண்டு கட்டத்தையும் செய்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து வரும் நிறம்தான் உங்கள் நிறம். அதே இரண்டு நாளுக்கு முழங்கை மடிப்பிலும் ஒவ்வொரு பொடியையும் தனித்தனியாகச் சிறிது பூசி வைத்து, அரிப்போ தடிப்போ இல்லை என்று உறுதியானபின் தொடங்குங்கள்.