பவர் பத்திரத்தில் ஒரு சொல்

பஞ்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர் பீளமேடு. ஆலைச் சம்பளத்தில் வாங்கிய ஐந்து சென்ட் இடமும் அதில் கட்டிய ஓட்டு வீடுமே இங்குப் பல குடும்பங்களின் முழுச் சொத்து. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விடவும் வரி கட்டவும் ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த அதிகாரத்தைத் தரும் எழுத்துக்குப் பொது அதிகார ஆவணம் என்று பெயர். ஊர் வழக்கில் அது ‘பவர் பத்திரம்’. அதை எழுதிக் கொடுப்பவர் உரிமையாளர், பெற்றுக்கொள்பவர் முகவர்.

முகவர் செய்வதெல்லாம் உரிமையாளரே செய்ததாகச் சட்டம் கொள்கிறது. ஆனால் பத்திரத்தில் எழுதிய அளவுக்கு மட்டுமே அவ்வாறு கொள்கிறது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். தந்தை விட்டுச்சென்ற சொத்துக்கு இரண்டு பெண்கள் வாரிசு. ஒருவர் 1971ஆம் ஆண்டு மற்றவருக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். 1985இல் அதை ரத்து செய்தார். இடைப்பட்ட காலத்தில், பவர் பெற்ற சகோதரி நான்கு ஆவணங்கள் மூலம் சொத்தைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். நிலம் பின்னர் தாமரசேரி மறைமாவட்டத்தின் கைக்கு வந்தது. வழக்கு கீழ்க் கோர்ட்டு, உயர் நீதிமன்றம் எல்லாம் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு ஒரு சொல்லைப் பற்றியது. அந்தப் பவர் பத்திரத்தில் குத்தகைக்கு விடும் அதிகாரம் இருந்தது. ஆவணங்களைப் பதிவு செய்யும் அதிகாரமும் இருந்தது. ‘விற்க’ என்ற அதிகாரம் இல்லை. பதிவு செய்யும் அதிகாரம் இருப்பதாலேயே விற்கும் அதிகாரமும் உண்டென்று ஊகிக்கக்கூடாது என்று நீதிமன்றம் கூறி, எழுதிக் கொடுத்த சகோதரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பத்திரம் எழுதி ஏறத்தாழ 51 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த நீதி அது. அந்தச் சொல் பத்திரத்தில் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. விற்கும் அதிகாரம் பெற்ற முகவரிடம் நல்லெண்ணத்துடன் பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். பணத்துக்காக முகவர்மேல் வழக்குப் போடலாம், அவ்வளவே.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஆகையால் எந்தத் தாள் வந்தாலும் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வரும். துபாயில் வேலை பார்க்கும் என் பெரிய மாமா சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது, தம் வீட்டைக் கவனிக்கச் சின்ன மாமாவுக்குப் பவர் கொடுக்க விரும்பினார். ஆவண எழுத்தர் வழக்கமான நகல் ஒன்றைக் கொடுத்தார். அதில் வாடகை, வரி என்ற சொற்களுக்கு நடுவே ‘கிரையம் செய்யவும், கிரைய ஒப்பந்தம் செய்யவும், அடமானம் வைக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது. “எல்லாருக்கும் இப்படித்தானுங்க எழுதறது” என்றார் எழுத்தர். அந்த வரியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதும் சின்ன மாமாவின் முகம் வாடியது. “ஏனுங்கண்ணா, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்று கேட்டார்.

பெரிய மாமா சற்று யோசித்துப் பதில் சொன்னார்: “உம்மேல நம்பிக்கை இருக்கறதாலதாம்பா உனக்கே எழுதறேன். நாளைக்கு உனக்குக் கடன் கொடுத்தவனோ ஒரு தரகனோ வந்து, பவர்தான் இருக்குதே, எழுதிக் கொடுங்கன்னு உன்னை நெருக்கினா, எனக்கு அதிகாரம் இல்லீங்கன்னு நீ சொல்லோணும்.” அதன் பிறகு சின்ன மாமாவே உடனிருந்து பத்திரத்தைத் திருத்தினார்.

திருத்திய பத்திரத்தில் வீட்டின் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் குறிக்கப்பட்டன. 11 மாதத்திற்கு மேற்படாமல் வாடகைக்கு விடுதல், மாநகராட்சி வரியும் மின் கட்டணமும் செலுத்துதல், 10,000 ரூபாய் வரை கேட்காமலே பழுது பார்த்தல் ஆகியவை மட்டுமே அதிகாரங்கள். விற்கவோ, ஒப்பந்தம் போடவோ, அடமானம் வைக்கவோ, இந்தப் பவரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ அதிகாரம் இல்லை என்றும் தெளிவாக எழுதப்பட்டது. காலம் இரண்டு ஆண்டு. வாடகை நேரே பெரிய மாமாவின் வங்கிக் கணக்குக்குப் போகும். முகவரிடம் பணம் பெற்றுக்கொண்டதாக எந்த வரியும் சேர்க்கப்படவில்லை. சொத்தில் முகவருக்கே ஒரு பங்கோ பணமோ உண்டென்று பத்திரம் காட்டினால், பிறகு நினைத்தபடி அதை ரத்து செய்ய இயலாது.

மூலப் பத்திரத்தை மாமா வங்கி லாக்கரில் வைத்தார். சின்ன மாமாவுக்குக் கொடுத்தது சான்றிட்ட நகல். கோவை போன்ற நகரங்களில் மூலப் பத்திரத்தை ஒப்படைத்தே கடன் வாங்கும் வழக்கம் உண்டு. ஆகையால் பவரையும் மூலப் பத்திரத்தையும் ஒரே கையில் கொடுப்பது பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது.

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இங்கு எழுதப்படும் அசையாச் சொத்துப் பவர் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். ஊருக்கு வரமுடியாதவர்கள், இருக்கும் நாட்டிலேயே இந்தியத் தூதரக அதிகாரி முன்போ நோட்டரி முன்போ கையெழுத்திட்டு அனுப்பலாம். அத்தாள் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் அதற்குரிய முத்திரைக் கட்டணம் செலுத்தவேண்டும். பலர் இதை மறந்துவிட்டுப் பின்னர் அலைகிறார்கள்.

பத்திரம் சரியாக அமைந்தாலும் கண்காணிப்பு வேண்டும். tnreginet.gov.in என்ற பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். மாமா மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்க்கிறார். தாம் அறியாத ஒரு பதிவு அதில் தெரிந்தால் உடனே எச்சரிக்கையாகலாம். ஆனால் வில்லங்கத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதிவில்லாமல் வெள்ளைத்தாளில் போட்ட ஒப்பந்தமோ, ரகசியமாக வாங்கிய முன்பணமோ தெரியாது. அவற்றை வேறு அடையாளங்களால் அறியவேண்டும்: வரி ரசீதிலோ மின் இணைப்பிலோ பெயர் மாறியிருத்தல், தெரியாத ஆள் குடியிருத்தல், வாடகை காரணமின்றித் தாமதித்தல். அண்டை வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண் இதற்குப் பெரிதும் உதவும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் அங்கேயே பல ஆண்டுகள் குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. கோவாவைச் சேர்ந்த ஒரு சகோதரி, சகோதரர் வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. காவலராகவோ பராமரிப்பவராகவோ எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை வந்துவிடாது என்பதே அது. ஆனால் அவர் பராமரிப்பவராகத்தான் இருந்தார் என்று காட்ட எழுத்து வேண்டும். ‘தங்கள் அனுமதியின்பேரில் குடியிருக்கிறேன்’ என்று ஆண்டுக்கு ஒருமுறை எழுதி வாங்கும் கடிதமே போதிய சான்றாகும்.

சந்தேகம் உறுதியானால் பவரை ரத்து செய்யும் ஆவணத்தைப் பதிவு செய்யலாம். அதோடு வேலை முடிந்துவிடாது. ரத்தானது முகவருக்குத் தெரியும்வரை அவரைக் கட்டாது. வெளியாருக்குத் தெரியும்வரை அவர்களையும் கட்டாது. ஆகையால் முகவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு, சார்பதிவாளருக்கு ஒரு கடிதம், நாளிதழில் ஒரு விளம்பரம் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் செய்யவேண்டும். தபால் ரசீதையும் விளம்பரம் வந்த நாளிதழையும் மூலப் பத்திரத்துடன் சேர்த்து வைத்தால், பிற்காலத்தில் எந்தத் தேதியில் யாருக்குத் தெரிந்தது என்ற கேள்விக்கு அவையே பதில் சொல்லும்.