இளகிய பின்னும் தாங்கும் இரும்பு

50 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கெட்டி எஃகுக் கட்டையை, 2 மீட்டர் இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் எடை ஏற்றுவோம். சாதாரணக் கட்டட எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வரை தாங்கும். அதாவது ஏறத்தாழ 25 கிலோ எடை. அதற்குள் இருந்தால் எடையை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். அதைத் தாண்டினால் எஃகு இளகும். இளகிய இடம் மேற்கொண்டு தகைவை ஏற்காது. ஆனால் ஏற்றதைக் கைவிடவும் செய்யாது, அதைத் தாங்கியபடியே நீளும்.

வளையும்போது கட்டையின் மேல்பாதி அழுத்தப்படுகிறது, கீழ்ப்பாதி இழுக்கப்படுகிறது. நடுக்கோட்டில் தகைவு சுழி. மேல், கீழ் விளிம்புகளில்தான் உச்சம். விளிம்பு 250-ஐத் தொடும் நேரத்தில் உள்ளே இருக்கும் உலோகம் அரைகுறையாகத்தான் உழைத்துக்கொண்டிருக்கும். அப்போது மேல்பாதியில் எழும் மொத்த விசை சுமார் 32 டன். கீழ்ப்பாதியிலும் அவ்வளவே, எதிர்த்திசையில். இரண்டுக்கும் இடையே 67 மில்லிமீட்டர். விசையை இந்தத் தூரத்தால் பெருக்கினால் வருவதே கட்டையின் எதிர்ப்பு; அதைப் பொறியாளர்கள் திருப்புத்திறன் என்பார்கள். நம் கட்டைக்கு அது 2.12 டன்-மீட்டர். நடுவில் 4.25 டன் ஏற்றினால் இந்த நிலை வரும்.

இன்னும் ஏற்றினால் என்ன ஆகும்? விளிம்பு இளகி நிற்க, அடுத்த அடுக்கு வேலையை ஏற்கிறது, பிறகு அதற்கடுத்தது. இளக்கம் மேலிருந்தும் கீழிருந்தும் நடுவை நோக்கி நகர்கிறது. ஆய்வுக்கூடத்தில் கட்டைக்குச் சுண்ணாம்பு பூசி வைத்தால், இளகும் இடத்தில் பூச்சு உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உயரத்தில் பாதி இளகியதுமே எதிர்ப்பு இறுதி அளவில் 92 விழுக்காட்டைத் தொட்டுவிடும். மீதி 8 விழுக்காட்டுக்குக் கட்டை மிகவும் வளைந்தாக வேண்டும்.

முழுவதும் இளகியபின் கணக்குப் போட்டால், ஒவ்வொரு பாதியின் விசையும் இரட்டிப்பாகி 64 டன் ஆகியிருக்கும். ஆனால் விசைகளுக்கு இடைப்பட்ட தூரம் 50 மில்லிமீட்டராக, முன்பிருந்ததில் முக்காலாக, குறைந்திருக்கும். இரண்டு மடங்கை முக்காலால் பெருக்கினால் ஒன்றரை. செவ்வக வடிவத்தின் வடிவக் காரணி 1.5 என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். அகலம், உயரம் எதுவானாலும் இந்த எண் மாறாது. நம் கட்டையின் எதிர்ப்பு 3.19 டன்-மீட்டராகிறது, நடுவில் 6.37 டன் ஏறும்போது கட்டை சரிகிறது. அந்த இடம் ஒரு கீல் போலத் திரும்பத் தொடங்கும். எடையைக் கூட்டாமலே தொய்வு பெருகும்.

வடிவக் காரணி பெரிதாக இருப்பதை ஒரு சிறப்பாக நான் எண்ணவில்லை. முதல் இளக்கத்தின்போது எவ்வளவு உலோகம் சும்மா இருந்தது என்பதன் அளவுதான் அது. வட்டக் கம்பிக்கு 1.7. பாலங்களிலும் கூரைகளிலும் பார்க்கும் ஐ வடிவ உத்தரத்துக்கு ஏறத்தாழ 1.12 முதல் 1.15 வரைதான், ஏனென்றால் அதன் உலோகத்தில் பெரும்பகுதி முன்பே விளிம்புகளில் இருக்கிறது. சிக்கனமான வடிவம் எதுவோ, அதற்குக் கையிருப்புக் குறைவு.

தாங்கிகள்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் கட்டை சரிய ஒரு கீல் போதும். இரு முனைகளும் சுவரில் இறுகப் பதிந்திருந்தால் மூன்று கீல்கள் வேண்டும். ஹங்கேரிப் பொறியாளர் காபோர் கசின்சி 1914-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டியது இதையே. அப்படிப் பதித்தால் நம் கட்டையே 12.7 டன் வரை தாங்கும். ஆனால் சுவரும் அந்தத் திருகலைத் தாங்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் நீண்டு கொடுக்கும் எஃகுக்கே பொருந்தும். வார்ப்பிரும்பு இளகாமல் உடைந்துவிடும். மெல்லிய, உயரமான தகடும் இந்த அளவை எட்டாது. முழுதாக இளகும் முன்பே பக்கவாட்டில் புரண்டுவிடும்.

கையிருப்பு இருக்கிறது என்று அன்றாடம் செலவழிக்கவும் முடியாது. விளிம்பு ஒருமுறை இளகிவிட்டால், எடையை இறக்கினாலும் வளைவு முழுதாக நிமிராது. அதனால்தான் இந்திய எஃகு விதித்தொகுப்பான ஐ.எஸ். 800 (2007), இரு முனைகளில் தாங்கப்பட்ட உத்தரத்துக்கு ஒன்றரை மடங்கு முழுவதையும் கொடுப்பதில்லை. முதல் இளக்கத்தின் 1.2 மடங்கோடு நிறுத்தி, அதையும் 1.1-ஆல் வகுக்கச் சொல்கிறது. நம் கட்டைக்கு அது 4.63 டன். சுமைக்கான காப்புக் காரணி 1.5-ஆல் மேலும் வகுத்தால், அன்றாடம் ஏற்றத்தக்கது சுமார் 3 டன்தான். இது முதல் இளக்கம் நிகழும் 4.25 டன்னுக்கும் கீழே.