பில்லைப் பதியும் கை, பணத்தை விடும் கை

சப்ளையரிடம் சரக்கு வாங்கிப் பணம் கொடுப்பதில் மூன்று செயல்கள் உண்டு. பில்லைக் கணக்கில் பதிய வேண்டும், அதற்கு ஒப்புதல் தர வேண்டும், வங்கியிலிருந்து பணத்தை விடுவிக்க வேண்டும். இவற்றை வேறு வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுப்பதே கணக்குத் துறையில் பணிப் பிரிப்பு எனப்படுகிறது.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள டிக்சன் காட்டியது. சுமார் 15 ஆயிரம் பேர் வாழும் சிறு நகரம் அது. அதன் நிதிக் கட்டுப்பாட்டாளர் ரீட்டா கிரண்ட்வெல், 1990 டிசம்பரில் நகராட்சியின் பெயரிலேயே ஒரு ரகசிய வங்கிக் கணக்கைத் தொடங்கினார். நகராட்சியின் உண்மையான கணக்கிலிருந்து ‘பொருளாளர்’ என்ற பெயருக்குக் காசோலை எழுதி, அதை ரகசியக் கணக்கில் போட்டார். அந்தப் பணத்தில் கண்காட்சிக் குதிரைகளை வளர்த்தார். செலவுக்கு ஆதாரம் வேண்டுமே? மாநில அரசு அனுப்பியதுபோல 159 போலி பில்களை அவரே தயாரித்து வைத்தார். தணிக்கையாளர்களும் அவற்றை ஏற்றுக்கொண்டார்கள். பில்லைச் செய்தவர், பதிந்தவர், காசோலை எழுதியவர், வங்கி அறிக்கையை வாங்கி வைத்தவர் எல்லாம் ஒருவரே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக 5 கோடியே 37 லட்சம் டாலர் இப்படிப் போயிற்று.

பணிப் பிரிப்பின் வரலாறு நீளமானது; இங்கே ஒன்று போதும். என்ரான் நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பின் 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பங்குச் சந்தையில் உள்ள அமெரிக்க நிறுவனங்களின் நிர்வாகம் இத்தகைய உள்கட்டுப்பாடுகளை ஆண்டுதோறும் மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும் என்றது.

இரண்டாவது ஆள் முதல் ஆளைவிட நேர்மையானவர் என்பதால் பணிப் பிரிப்பு பலிப்பதில்லை. அதன் நுட்பம் வேறு. வீட்டில் அம்மா மளிகைச் சீட்டு எழுதுகிறார், மகன் கடைக்குப் போகிறான், வந்த சாமானைப் பாட்டி டப்பாவில் கொட்டுகிறார், அப்பா கடைக்காரருக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ துவரம்பருப்பை மூன்று என்று பில்லில் ஏற்ற மகன் நினைத்தால், அம்மாவின் சீட்டு இரண்டு என்கிறது. பாட்டியின் டப்பாவிலும் இரண்டுதான். அம்மா சீட்டு எழுதியது சமையலுக்காக. பாட்டி டப்பா நிரப்பியதும் அதற்காகவே. இருவருமே மகனைக் கண்காணிக்கப் புறப்பட்டவர்கள் அல்லர், ஆனாலும் ஒரு பொய்க்கு எதிராக இரண்டு சாட்சிகள் உருவாகிவிட்டன. அலுவலகத்தில் சீட்டு என்பது கொள்முதல் ஆணை, டப்பா என்பது சரக்கு வரவுக் குறிப்பு. பில் இவ்விரண்டோடும் ஒத்துப்போனால்தான் ஒப்புதலுக்குப் போகும். சீட்டையும் டப்பாவையும் பார்க்காமல் அப்பா பணம் அனுப்பினால் நான்கு பேர் இருந்தும் பயனில்லை. மகனும் பாட்டியும் கூட்டுச் சேர்ந்தாலும் அப்படித்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது சப்ளையர் பட்டியலை. பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பில் பதிபவர் இந்தப் பட்டியலையும் திருத்த முடிந்தால், ஒப்புதல் தருபவர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும் ஏமாறுவார். அவர் முன் வரும் பில் உண்மையானது, தொகையும் சரி. பணம் போய்ச் சேரும் கணக்கு மட்டும் வேறு. அதனால் பட்டியலைத் திருத்தும் உரிமை, பதிபவர், ஒப்புதல் தருபவர், பணம் விடுவிப்பவர் ஆகிய மூவருக்கும் வெளியே, நான்காவது ஆளிடம் இருக்க வேண்டும்.

மென்பொருள் வாங்கிவிட்டால் எல்லாம் தானே நடக்கும் என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்பலாகாது. ஒப்புதல் தரும் மேலாளர் விடுப்பில் போகும்போது கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போனால், திரையில் இரண்டு பெயர்கள் தெரியும். விசைப்பலகையில் இருப்பது ஒரே ஆள். ஆகவே நடந்ததைத் தேடிப் பார்க்க வேண்டும். பதிந்தவரும் ஒப்புதல் தந்தவரும் ஒருவராக உள்ள பில்கள் எவை, ஊழியரின் சம்பளக் கணக்கு எண் சப்ளையர் பட்டியலில் இருக்கிறதா, ஒப்புதல் வரம்பு 50,000 ரூபாய் என்றால் ஒரே சப்ளையருக்கு 49,500 ரூபாய் பில்கள் அடுத்தடுத்து வருகின்றனவா என்று பார்த்தாலே பல மோசடிகள் வெளிப்படும்.

டிக்சனில் உண்மை வெளிவந்ததும் வேறொருவர் பார்த்ததால்தான். 2011இல் கிரண்ட்வெல் நீண்ட விடுப்பில் இருந்தபோது, அவர் வேலையைக் கவனித்த நகர எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் கேட்டார். தெரியாத கணக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அவர் மேயரிடம் சொல்ல, மேயர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். 2013இல் கிரண்ட்வெல்லுக்கு 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இரண்டே பேர் உள்ள சிறு அலுவலகத்தில் நான்காகப் பிரிக்க வழியில்லை. அங்கே வங்கி அறிக்கை கணக்கரின் கைக்குப் போகாமல் நேரே உரிமையாளரிடம் வர வேண்டும். மாதம் ஒருமுறை அவரே வரிவரியாகப் படிக்க வேண்டும்.