எதோடும் சேராத ஹெட்போன்

போனில் பெயர் தெரிகிறது, தொட்டால் 'இணைக்க முடியவில்லை' என்கிறது. லேப்டாப்பிலும் அதே கதை. இரண்டு கருவிகளும் மறுத்தால் கோளாறு பெரும்பாலும் ஹெட்போனின் நினைவில்தான் இருக்கும்.

ப்ளூடூத்தில் முதல்முறை சேரும்போது இரு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் அது கெட்டாலோ அழிந்தாலோ, மறுபக்கம் பழைய சாவியையே நீட்டும், கதவு திறக்காது. அதனால் ரீசெட்டுக்கு முன்பே போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து ஹெட்போன் பெயரை நீக்கிவிட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 மாடலை எடுத்துக்கொள்வோம். சார்ஜர் வயரைச் செருகிய நிலையில் பவர், கஸ்டம் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால், அது வெறும் மறுதொடக்கம்தான். இணைப்புப் பட்டியல் அழியாது. முதலில் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

பலன் இல்லையென்றால் போதிய சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி, ஹெட்போனை அணைக்க வேண்டும். பிறகு அதே இரு பட்டன்களையும் நீல விளக்கு 4 முறை மின்னும்வரை விடாமல் அழுத்த வேண்டும். பாதியில் விரல் நழுவினால் மறுபடி முதலிலிருந்துதான். மின்னி முடிந்தால் எல்லா இணைப்புகளும் அழிந்து, மறுபடி ஆன் செய்ததும் புதிய இணைப்புக்குத் தயாராகும்.

வேறு மாடல்களில் பட்டன்கள் மாறும். கையேட்டைப் பார்க்காமல் கண்டபடி அழுத்தக் கூடாது. விளக்கு மின்னிய பிறகும் இரண்டு கருவிகளில் சேரவில்லையென்றால், சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.