மினாக்சிடில் கரைசலும் தொடக்க கால முடி உதிர்வும்

மினாக்சிடில் முதலில் உயர் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையாகப் பயன்பட்டது. அதை உட்கொண்டவர்களுக்கு உடலில் முடி வளர்ந்ததைக் கண்ட பின்னரே, பரம்பரை வழுக்கைக்குத் தலையில் தடவும் கரைசலாக உருவாக்கப்பட்டது.

ஆண்கள் பொதுவாக 5% கரைசலை ஒரு வேளைக்கு 1 மி.லி. வீதம் காலையும் இரவும் தடவுகின்றனர். உலர்ந்த தலையில் முடியை வகிர்ந்து, முடி குறைந்த இடத்தின் தோலில் துளிப்பானால் விட்டு, விரல் நுனியால் பரப்பிக் கையைக் கழுவ வேண்டும். அடுத்த 4 மணி நேரம் தலையை நனைக்கக்கூடாது. அளவைக் கூட்டினால் முடி கூடுதலாக வளராது. படபடப்பு, தலைச்சுற்றல் போன்ற பக்கவிளைவுகளே கூடும்.

தொடங்கிய சில வாரங்களில் முடி அதிகமாக உதிரலாம். ஓய்வு நிலையிலுள்ள மயிர்க்கால்களை மருந்து முன்கூட்டியே வளர்ச்சி நிலைக்குத் திருப்புகிறது. அப்போது அவற்றில் தங்கியிருந்த பழைய முடி கழன்று விழுகிறது. ஜனவரி தொடக்கத்தில் தடவத் தொடங்கியவருக்கு அம்மாத இறுதியில் உதிர்வு கூடி, மார்ச்சுக்குள் அடங்கலாம். புதிய முடி கண்ணுக்குத் தெரிய மே மாதம் ஆகலாம். பிப்ரவரியில் பயந்து நிறுத்தினால் இழப்பு மட்டுமே மிஞ்சும்.

உதிர்வு இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, வட்டத் திட்டுகளாக முடி கொட்டினாலோ, தோல் சிவந்து எரிந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம். தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயன் கிடைத்தபின் மருந்தை நிறுத்தினால், வளர்ந்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.